வீட்டோடு தங்கிப் பராமரிப்பவரின் நேரக் கணக்கு: வேலை எது, ஓய்வு எது, காத்திருப்பு எது?

யாழ்ப்பாணத்திலும் நல்லூரைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வயதான தாய் அல்லது தந்தை ஒருவரோடு, அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே தங்கியிருக்கும் ஒரு பெண்ணும் வாழ்கின்ற வீடுகள் இப்போது ஏராளம். பிள்ளைகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் புத்தளத்தில், இன்னொருவர் வெளிநாட்டில். 1990 வெளியேற்றத்துக்குப் பின் சிதறிப்போன எமது குடும்பங்களில் சிலர் மட்டும் ஊர் திரும்பியதால், திரும்பி வந்த உம்மாவையோ வாப்பாவையோ பார்க்க வெளியாள் ஒருவரை வைப்பது தவிர்க்க முடியாததாகி விட்டது. சம்பளத்தைப் பேசி முடிக்கிறோம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்கிறோம். ஆனால் அந்தப் பெண் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று கேட்டால் எந்த வீட்டிலும் சரியான பதில் கிடைப்பதில்லை.

இதுபோன்ற பேச்சுவார்த்தைகளில் நான் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். வீட்டார் சொல்வது ஒன்றுதான்: "உம்மா பாதி நாள் தூங்குறா. இவவுக்கு என்ன பெரிய வேலை? பகலிலயும் படுக்கிறா, இரவிலயும் படுக்கிறா." பராமரிப்பவர் சொல்வதும் ஒன்றுதான்: "இருபத்துநாலு மணித்தியாலமும் நான்தானே பார்க்கிறன்." இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே பொழுதை ஒருவர் ஓய்வு என்கிறார், மற்றவர் வேலை என்கிறார். அது உண்மையில் இரண்டும் இல்லை, மூன்றாவது வகை. அந்த மூன்றாவது வகைக்கு நாம் பெயர் வைக்காததால்தான் சண்டை வருகிறது. இக்கட்டுரையில் அதைக் காத்திருப்பு நேரம் என்று அழைக்கிறேன்.

மூன்று வகைகளும் அவற்றைக் கண்டுபிடிக்கும் கேள்வியும்

வேலை நேரம் என்பது கையோ கண்ணோ நோயாளியின் மீதோ வீட்டு அலுவலின் மீதோ இருக்கும் நேரம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடுப்பு மாற்றுவது, மருந்து கொடுப்பது, அவரது துணி துவைப்பது எல்லாம் இதில் அடங்கும். சாப்பிட்டபின் புரையேறாமல் இருக்க அரை மணி நேரம் சாய்த்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இல்லை.

ஓய்வு நேரம் என்பது அவருடைய சொந்த நேரம். அவர் தூங்கலாம், கடைக்குப் போகலாம், தொலைபேசியை நிறுத்தி வைக்கலாம், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு "இவ்வளவு நேரம் சும்மாதானே இருந்தாய்" என்று சொல்லி ஒன்றை ஓய்வாக மாற்ற முடியாது.

காத்திருப்பு நேரம் இவை இரண்டுக்கும் நடுவில் உள்ளது. அவர் வேலை செய்யவில்லை, படுத்துக்கூட இருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும், உடனே எழும்பி வர வேண்டும்.

எது எது என்று பிரிக்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் பயன்படுத்துவேன்: இந்த நிமிடம் உம்மா கூப்பிட்டால் எழும்பிப் போகவேண்டிய ஆள் யார்? பதில் பராமரிப்பவர் என்றால் அது ஓய்வு இல்லை. வேறொரு பெயரைச் சொல்ல முடிந்து, அந்த ஆள் உண்மையிலேயே வீட்டில் விழித்திருந்தால் மட்டுமே அது ஓய்வு. மருமகள் வெளியே இறங்கும்போது "தாத்தா, ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், அந்த ஒரு வசனத்தோடு ஓய்வு காத்திருப்பாக மாறி விடுகிறது. கொப்பியில் அந்த நிமிடத்தை எழுத வேண்டும்.

நல்லூர் வீடு ஒன்றின் ஒரு நாள்

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். பக்கவாதத்தால் வலது பக்கம் செயலிழந்த, நீரிழிவும் உள்ள 78 வயது உம்மா. மகனும் மருமகளும் அதே வீட்டில். இருவரும் காலையில் வேலைக்குப் போய் பிற்பகல் மூன்றரைக்குத்தான் திரும்புவார்கள். வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் ஒருவர். காலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 5 மணி வரை கொப்பி இப்படி இருக்கிறது.

5.00 – 5.30: பராமரிப்பவர் எழும்பி வுழூ செய்து ஸுபஹ் தொழுகிறார். உம்மா தூக்கம். கூப்பிட்டால் போகவேண்டியவர் இவர். காத்திருப்பு.

5.30 – 8.30: உம்மாவைத் தூக்கி உட்கார வைத்தல், தொழுகைக்கு உதவி, உடுப்பு மாற்றல், குளிப்பாட்டல், சீனி பார்த்தல், இன்சுலின், காலை உணவு ஊட்டல். வேலை.

8.30 – 9.30: தன் காலைச் சாப்பாடு, உம்மா அதே அறையில் கதிரையில். காத்திருப்பு.

9.30 – 1.30: துணி துவைத்தல், சமையல், கை கால் பயிற்சி, மதிய உணவு ஊட்டல், மருந்து. வேலை.

1.30 – 3.30: உம்மா தூங்குகிறார். பராமரிப்பவர் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. காத்திருப்பு.

3.30 – 5.00: மருமகள் வந்து பொறுப்பை எடுக்கிறார். பராமரிப்பவர் சந்திக்குப் போய் வருகிறார். ஓய்வு.

5.00 – 8.30: தேநீர், நடக்க வைத்தல், மஃரிபுக்கு உதவி, இரவு உணவு, மருந்து. வேலை.

8.30 – 9.30: மகன் உம்மாவோடு இருக்கிறார். பராமரிப்பவர் தன் அறையில். ஓய்வு.

9.30 – 10.00: படுக்க வைத்தல், உடுப்பு மாற்றல். வேலை.

10.00 – 5.00: உம்மாவின் அறையில் தூக்கம். காத்திருப்பு. ஆனால் இடையில் மூன்று தடவை எழும்பியிருக்கிறார்: 11.40 முதல் 12.05 வரை மலசலகூடம், 2.10 முதல் 2.50 வரை படுக்கை நனைந்து முழுவதும் மாற்றல், 4.05 முதல் 4.20 வரை தண்ணீர். மொத்தம் 1 மணி 20 நிமிடம். இது வேலை.

இப்போது கூட்டிப் பாருங்கள். பகல் வேலை 11 மணித்தியாலம். இரவில் எழும்பிய 1 மணி 20 நிமிடத்தைச் சேர்த்தால் வேலை 12 மணி 20 நிமிடம். பகல் காத்திருப்பு மூன்றரை மணித்தியாலம். இரவின் ஏழு மணித்தியாலத்தில் வேலையைக் கழித்த மீதி 5 மணி 40 நிமிடம். ஆக காத்திருப்பு 9 மணி 10 நிமிடம். ஓய்வு வெறும் 2 மணி 30 நிமிடம். மூன்றையும் கூட்டினால் சரியாக 24 வர வேண்டும், வருகிறது. வராவிட்டால் ஏதோ ஒரு பொழுது எழுதப்படாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். கொப்பி சரியா என்று பார்க்கும் முதல் சோதனை இதுதான்.

இந்தக் கூட்டலுக்குப் பிறகு இரண்டு பக்கத்து வாதங்களும் மாறுகின்றன. "பாதி நாள் சும்மா இருக்கிறா" என்ற வீட்டாரின் கணக்கில், உம்மா தூங்கிய நேரம் எல்லாம் ஓய்வாகப் போயிருந்தது. உண்மையான ஓய்வோ இரண்டரை மணித்தியாலம்தான். "இருபத்துநாலு மணித்தியாலமும் வேலை" என்ற அந்தப் பெண்ணின் கணக்கும் சரியில்லை. பாதியை விடச் சற்று அதிகம்தான் வேலை. ஆனால் வேலையை மட்டும் பார்த்தாலே எட்டு மணித்தியாலத்தைத் தாண்டி நான்கு மணிக்கு மேல் போயிருக்கிறது.

காத்திருப்பை ஏன் தனியே எழுத வேண்டும்?

"காத்திருப்பையும் வேலையென்றே எழுதிவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். "ஓய்வென்றே எழுதுவோம்" என்று வேறு சிலர். இரண்டும் ஆபத்து. ஏனென்றால் காத்திருப்புக்கு எவ்வளவு கூலி என்பது உலகத்தில் இன்னும் முடிவாகாத கேள்வி. ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் எதிரெதிர்த் திசையில் போயின.

பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் மாதம், பராமரிப்பு இடத்தில் இரவு தங்கித் தூங்கும் ஊழியருக்குத் தூங்கிய நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது, வேலைக்காக விழித்திருக்கும் நேரத்துக்கே கிடைக்கும் என்று தீர்த்தது. அது மென்காப் என்ற தொண்டு நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு. மூன்று மாதம் கழித்து, 2021 ஜூன் 24ஆம் திகதி, ஜேர்மனியின் மத்திய தொழில் நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. பல்கேரியாவிலிருந்து வந்த ஒரு பெண் பேர்லினில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கிப் பராமரித்தார். அவருடைய ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 30 மணித்தியாலம் என்று இருந்தது. அவரோ இரவும் பகலும் கடமையில் இருந்ததாக வழக்குப் போட்டார். கூப்பிட்டால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்பது அந்த நீதிமன்றத்தின் முடிவு.

எமக்கு அந்த வழக்கில் அதைவிட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. கீழ் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் நேரத்தை நாளுக்கு 21 மணித்தியாலம் என்று மதிப்பிட்டிருந்தது. அதாவது மூன்று மணித்தியாலம் அவருக்குச் சொந்தமாக இருந்தது என்று எடுத்துக்கொண்டது. அந்த மூன்றுக்கு ஆதாரம் எங்கே என்று மேல் நீதிமன்றம் கேட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. நாளாந்தக் குறிப்பு ஒன்று இருந்திருந்தால் நீதிபதி ஊகிக்கத் தேவை வந்திராது.

காத்திருப்பைத் தனிப் பத்தியில் எழுதி வைத்தால் நாளை எந்த விதி வந்தாலும், எந்த மத்தியஸ்தர் உட்கார்ந்தாலும், எந்த விகிதத்தை ஒப்புக்கொண்டாலும் அதைப் பொருத்திக் கணக்குப் பார்க்கலாம். கலந்து எழுதினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இலங்கையில் இந்த விஷயத்துக்கு வீட்டுக்குள் வரும் சட்டம் மிகக் குறைவு. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்ற எல்லை கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் உரியது. வீட்டுப் பணியாளரைத் தொடாது. வீட்டு வேலைக்கென்று சம்பளச் சபையும் இல்லை. எமது பெண்கள் வேலைக்குப் போன குவைத்தில் 2015இன் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நாளுக்கு 12 மணித்தியாலம் என்று எல்லை வைத்தது. கத்தாரில் 2017இன் 15ஆம் இலக்கச் சட்டம் 10 மணித்தியாலம் என்றது. அங்கே அவை எந்தளவு நடைமுறையில் இருக்கின்றன என்பது வேறு விவாதம். ஆனால் அங்கே எங்கள் சகோதரிகளுக்கு நடப்பதைப் பற்றிக் கண்ணீர் விடும் நாம், எங்கள் வீட்டுக்குள் தங்கியிருக்கும் பெண்ணுக்கு எழுத்தில் ஒரு எல்லைகூட வைக்கவில்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆம் இலக்க உடன்படிக்கை 2011இல் வந்தது. அதன் 10ஆம் உறுப்புரை, வாரத்தில் குறைந்தது தொடர்ச்சியான 24 மணித்தியால ஓய்வு வேண்டும் என்கிறது. வீட்டாரின் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தை, அந்தந்த நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ தீர்மானிக்கும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அதோடு வந்த 201ஆம் இலக்கப் பரிந்துரை, காத்திருப்பு உட்பட நேரத்தைச் சரியாகப் பதிய வேண்டும், அந்தப் பதிவைப் பணியாளர் தடையின்றிப் பார்க்க முடிய வேண்டும் என்று கேட்கிறது. நான் மேலே காட்டிய கொப்பி அந்தப் பரிந்துரையின் எளிய வடிவம்தான்.

எமது பிக்ஹு என்ன சொல்கிறது?

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பிரச்சினை என்று நினைப்பவர்கள் இஜாரா பாடத்தைத் திறந்து பார்க்கட்டும். கூலிக்கு வருபவரை அறிஞர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தையற்காரரைப் போல வேலைக்குக் கூலி வாங்குபவர், எல்லோருக்கும் பொதுவானவர். ஒருவருக்கென்று தன் நேரத்தை ஒப்படைத்து நிற்பவர் அஜீர் காஸ், அதாவது தனிப் பணியாளர். ஹனபி மத்ஹபை அடிப்படையாகக் கொண்டு உஸ்மானியர் காலத்தில் தொகுக்கப்பட்ட மஜல்லாவின் 425ஆம் பிரிவின்படி, தனிப் பணியாளர் ஒப்பந்த நேரத்தில் வேலைக்கு ஆயத்தமாக இருந்தாலே கூலிக்கு உரியவர். உண்மையில் வேலை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை இல்லை. ஆனால் வேலை வந்தபோது மறுத்தால் உரிமை போய்விடும்.

இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கும் பெண்ணோடு வைத்துப் பாருங்கள். இரவு பத்திலிருந்து ஐந்து வரை அவர் தன்னை ஒப்படைத்து வைத்திருக்கிறார். கூப்பிட்டால் வருகிறார். அந்த நேரம் ஒப்பந்த நேரமா இல்லையா என்பதுதான் கேள்வி. ஒப்பந்த நேரம் என்றால் "அவ தூங்கினாதானே" என்ற வாதம் அங்கே நிற்காது. ஆகவே இரவு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த விகிதத்தில் என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடிக்க வேண்டும். காலமும் கூலியும் தெளிவில்லாத இஜாரா ஒப்பந்தத்தில் குறை இருக்கிறது என்பதில் மத்ஹபுகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. "எல்லாம் பார்த்துச் செய்வோம்" என்பது ஒப்பந்தமாகாது.

தொழுகை நேரத்தைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. காலத்துக்கென்று செய்யப்படும் ஒப்பந்தத்தில் பர்ளான தொழுகைக்கும் அதற்கான சுத்தத்துக்கும் ஆகும் நேரம் விலக்கப்பட்டது, அதற்காகக் கூலி குறையாது என்று எமது ஷாபிஈ நூல்கள் சொல்கின்றன. அதனால் பராமரிப்பவரின் ஐந்து நேரத் தொழுகையைக் கொப்பியில் ஓய்வாக எழுதி அவரது ஓய்வு நேரத்தைத் தின்னக் கூடாது. அந்த நேரத்திலும் உம்மாவுக்கு அவரே பொறுப்பு என்றால் அது காத்திருப்பு. வேறொருவர் பொறுப்பெடுத்தால் அது ஒப்பந்தத்தால் விலக்கப்பட்ட நேரம். பராமரிப்பவர் வேறு மதத்தவராக இருந்தால் அவருடைய வழிபாட்டு நேரத்துக்கும் இதே மரியாதையைக் கொடுப்பதுதான் அழகு.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282ஆம் வசனம் எங்களுக்குக் கட்டளையிடுகிறது. அது தவணைக் கடனைப் பற்றியது. மாத முடிவில் கொடுக்கவேண்டிய கூலியும் அந்த மாதம் முழுவதும் எங்கள் மீது ஏறிக்கொண்டு போகும் கடன்தானே?

இரவுக் கணக்கு

பிழைகள் அதிகம் நடப்பது இரவில். முதலாவது பிழை, எழும்பிய நேரத்தைக் காலையில் ஞாபகத்திலிருந்து எழுதுவது. தூக்கக் கலக்கத்தில் மூன்று தடவை இரண்டாகவும், நாற்பது நிமிடம் பத்தாகவும் சுருங்கிவிடும். சில நாட்களில் அது மறுபக்கமாகப் பெருகியும் விடும். கட்டிலுக்குப் பக்கத்தில் மணிக்கூடும் ஒரு துண்டுத் தாளும் வைத்து, எழும்பும்போது ஒரு நேரம், திரும்பப் படுக்கும்போது ஒரு நேரம் எழுதினால் போதும். காரணத்தை ஒரே சொல்லில் எழுதலாம்.

இரண்டாவது பிழை, எழும்பிய நிமிடங்களை மட்டும் எண்ணி, உடைந்த தூக்கத்தை மறப்பது. 2.10 முதல் 2.50 வரை படுக்கை மாற்றியவர் 2.51க்குத் தூங்கி விடுவதில்லை. இதற்கு அமெரிக்காவின் தொழில் விதிகளில் ஒரு நல்ல அளவுகோல் உண்டு: 24 மணித்தியாலக் கடமையில் இருப்பவருக்குத் தூக்க நேரமாக எட்டு மணித்தியாலம் வரை கழிக்கலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் குறுக்கீடுகளால் ஐந்து மணித்தியாலமாவது தூங்க முடியாமற் போனால் அந்த முழு இரவும் வேலையாகவே எண்ணப்படும். எமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஐந்து மணித்தியாலம் என்ற எல்லையை எமது ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்ளத் தடையில்லை. மேலே உள்ள உதாரணத்தில் தூங்கக் கிடைத்தது ஆகக் கூடினால் 5 மணி 40 நிமிடம். திரும்பத் தூங்கும்வரை போன நேரத்தையும் கழித்தால் எல்லைக்கு மிக அருகில் வந்து விட்டது. இன்னொரு தடவை அரை மணி நேரம் எழும்பியிருந்தால் அந்த இரவு காத்திருப்பு இல்லை, முழு வேலை.

நோயாளி முழுக்கப் படுக்கையில் விழுந்து, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டிய நிலை வந்தால் அந்த இரவை ஒருபோதும் காத்திருப்பு என்று எழுதாதீர்கள். அது இரவு வேலை. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

கொப்பி பொய் சொல்கிறதா?

ஒவ்வொரு நாளும் ஒரே நேரங்கள் எழுதியிருந்தால், எல்லா நேரமும் முழு மணியிலும் அரை மணியிலுமே முடிந்தால், இரவுப் பகுதி வாரக்கணக்கில் வெறுமையாக இருந்தால் அந்தக் கொப்பி நடந்ததைச் சொல்லவில்லை. வார முடிவில் ஒரே இருப்பில் ஒரே பேனாவால் நிரப்பப்பட்டிருக்கிறது. சரிபார்ப்பதற்கு வீட்டில் வேறு ஆதாரங்கள் உண்டு: சீனி பார்த்த குறிப்பில் உள்ள நேரம், இன்சுலின் போட்ட நேரம், வாரத்தில் முடிந்த பம்பர்ஸ் எண்ணிக்கை. இரவில் மூன்று பம்பர்ஸ் முடிந்திருக்க, கொப்பியில் ஒரு தடவைகூட எழும்பவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறது.

கொப்பியை வாரத்துக்கு ஒரு தடவை, வியாழன் மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், இருவரும் சேர்ந்து கூட்டிக் கையெழுத்திட வேண்டும். பக்கத்தைப் படம் எடுத்து ஒன்று பராமரிப்பவரின் கைத்தொலைபேசியில், ஒன்று சம்பளம் அனுப்பும் பிள்ளையின் வட்ஸ்அப்பில் இருக்கட்டும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு மூன்று நிறப் பேனா போதும். மணிக்கூட்டுப் படத்தில் முள்ளை வரையச் சொன்னால் வரைவார். கொப்பி வீட்டுக்காரரின் அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தால் அது இருவருக்கும் பொதுவான பதிவல்ல.

கணக்கு காட்டித் தரும் மாற்றம்

அந்த நல்லூர் வீட்டுக் கணக்கைக் கூலியாக மாற்றுவோம். காத்திருப்புக்கு வேலையின் பாதி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக வைத்தால், 9 மணி 10 நிமிடம் 4 மணி 35 நிமிடமாகிறது. வேலையோடு கூட்டினால் ஒரு நாளுக்கு 16 மணி 55 நிமிடம். ஆறு நாளுக்கு 101 மணி 30 நிமிடம். இதற்கு ஒருவருடைய சம்பளம் போதாது என்பது ஒரு விஷயம். ஒருவருடைய உடம்பும் போதாது என்பது அதைவிடப் பெரிய விஷயம். களைத்துப்போன கை இன்சுலின் அளவைத் தவற விடும். களைத்துப்போன கால் உம்மாவைத் தூக்கும்போது சறுக்கும்.

ஆனால் கொப்பியைப் பார்த்தால் செலவில்லாமல் மாற்றக்கூடிய இடங்களும் தெரிகின்றன. பிற்பகல் 1.30 முதல் 3.30 வரை வீட்டில் யாரும் இல்லாததால்தான் அது காத்திருப்பு. பக்கத்தில் இருக்கும் மகளோ மச்சியோ அந்த இரண்டு மணித்தியாலம் வந்து உட்கார்ந்தால், அதே கட்டிலில் அதே தூக்கம் ஓய்வாக மாறுகிறது. ஓய்வு 2 மணி 30 நிமிடத்திலிருந்து 4 மணி 30 நிமிடமாகிறது. காத்திருப்பு 7 மணி 10 நிமிடமாகக் குறைகிறது. மகன் வாரத்தில் இரண்டு இரவு உம்மாவின் அறையில் படுத்தால் அந்த இரண்டு இரவும் பராமரிப்பவருக்கு உண்மையான தூக்கம்.

வார ஓய்வு நாளிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். வெள்ளி காலை 8 மணியிலிருந்து சனி காலை 8 மணி வரை ஓய்வு என்று கொடுத்துவிட்டு, வெள்ளி இரவு அவர் அதே வீட்டில் தூங்க, "ஒரு தடவைதானே" என்று எழுப்பினால் அந்த 24 மணித்தியாலம் உடைந்து விட்டது. தன் வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்வர அவர் சுதந்திரமாக இருக்க வேண்டும். நல்லூர்க் கோயில் திருவிழாவின் 25 நாட்களிலும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்படும். மாற்று ஆள் சுற்றி வந்து சேர அரை மணி நேரம் தாமதமானால், ஓய்வு அந்த அரை மணி கழித்துத்தான் தொடங்குகிறது. முடிவையும் அரை மணி தள்ளி வைப்பதுதான் நீதி.

ரமழானில் முழு அட்டவணையையும் புதிதாக எழுத வேண்டும். அதிகாலை மூன்றரைக்கு எழும்பி வீட்டாருக்கு ஸஹர் சமைப்பது வேலை. அவர் தன் ஸஹரைச் சாப்பிடுவது காத்திருப்பு. நோன்பு பிடிக்க முடியாத உம்மாவுக்குப் பகலில் வழமைபோல் மூன்று நேரமும் சமைத்து ஊட்ட வேண்டும். அதோடு இப்தாருக்கும் சமைக்க வேண்டும். வீட்டார் தராவீஹுக்குப் போகும்போது முன்பு மகன் கொடுத்த அந்த 8.30 – 9.30 ஓய்வும் காணாமல் போகிறது. ஒன்றும் மாற்றாமல் விட்டால் அந்த மாதம் பராமரிப்பவரின் ஓய்வு ஒன்றரை மணித்தியாலத்துக்கு இறங்கிவிடும். நோன்பு தொடங்க ஒரு வாரம் முன்பே, தராவீஹ் நேரத்தில் உம்மாவோடு யார் இருப்பது, ஸஹருக்கு யார் எழும்புவது என்பதைப் பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்க நினைக்கும் வீட்டார் முதலில் ஏழு நாள் எந்த மாற்றமும் செய்யாமல், எந்த வாதமும் இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள். எட்டாம் நாள் கூட்டிப் பார்த்து, ஓய்வுப் பத்தியில் உள்ள எண்ணைப் பராமரிப்பவரின் முன்னால் சத்தமாக வாசியுங்கள். சம்பளத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.